ஹோல்ட் டைமை எங்கே கூட்டுவது? 175 வருதா, 196 வருதா?

செராய்_தர்ஷினி · ஞாயிறு, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக் டிப்ளோமா, மூணாவது செமஸ்டர். அடுத்த வாரம் டெஸ்ட் இருக்கு, டியூட்டோரியல் தாளில் ஒரு கணக்கில் மாட்டிக்கிட்டேன். நம்ம பாடாங் செராய் ஆளுங்க நிறைய பேர் கூலிம், பினாங்குப் பக்கம் சிப் வேலையில் இருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க, அதான் இங்கே போடுறேன்.

மூணு பிளிப்-பிளாப்: ஏ, பி, சி. மூணுக்கும் ஒரே கிளாக், மூணும் ஏறுமுனையில் மாறும். ஏ-யோட கியூ நேரா சி-யோட டி-க்குப் போகுது, நடுவில் ஒண்ணும் இல்லை. அதே ஏ-யோட கியூ கிளை பிரிஞ்சு ஒரு எக்ஸோர் கேட்டுக்கும் போகுது. எக்ஸோரோட இன்னொரு காலுக்கு, பி-யோட கியூ ஓர் இன்வெர்ட்டர் வழியா வருது. எக்ஸோர் வெளியீடு ஓர் ஆண்ட் கேட்டைத் தாண்டி பி-யோட டி-க்கே திரும்பிப் போகுது. ஆண்டோட மற்றக் கால் எனேபிள், அது எப்பவும் 1-ன்னு வச்சுக்கச் சொல்லியிருக்காங்க.

```
unit: ns    max    min
clk->Q      1.2    0.8
XOR         1.6    0.9
AND         0.9    0.5
NOT         0.4    0.2
setup = 1.0     hold = 0.6
```

(அ) அதிகபட்ச கிளாக் வேகம் என்ன?
(ஆ) சி-க்குப் போற கிளாக் மட்டும் 0.5 நானோசெக்கண்ட் வரை தாமதமா வரலாம்னா சர்க்கிட் வேலை செய்யுமா?

நான் போட்டது 1.2 + 0.4 + 1.6 + 0.9 + 1.0 + 0.6 = 5.7, அதாவது 175.4 மெகாஹெர்ட்ஸ். விடைத்தாளில் 196.1 இருக்கு. ஹோல்டைக் கூட்டலேன்னா 5.1 வருது, அப்போ 196.1 சரியா வருது. ஆனா ஏன் கூட்டக்கூடாது? முனைக்கு முன்னாடி 1.0, பின்னாடி 0.6 டேட்டா அசையாம நிக்கணும்னா ரெண்டுக்கும் நேரம் வேணுமே? (ஆ)-வுக்கு "வேலை செய்யாது"ன்னு ஒரே வரி, விளக்கம் இல்லை. கிளாக்கைக் கொஞ்சம் குறைச்சா வேலை செய்யாதா?

---

கவின்_ஈஈ · ஞாயிறு, இரவு 10:05

நான் டிகிரி ரெண்டாவது வருஷம், போன செமஸ்டர்தான் இது போச்சு. ஹோல்டை எப்பவும் கூட்டாதே. பார்முலா இதுதான்:

```
T >= tclk_q + tcomb + tsetup
```

எல்லா வழியும் எழுதி, பெருசை எடு. ஏ-யிலிருந்து பி-க்கு 4.7, பி-யிலிருந்து பி-க்கே திரும்புறது 5.1, ஏ-யிலிருந்து சி-க்கு 2.2. பெருசு 5.1. முடிஞ்சது.

(ஆ)-வில் விடைத்தாள் தப்பு. கிளாக் லேட்டா வந்தா டேட்டாவுக்குக் கூடுதல் நேரம்தானே கிடைக்குது? 5.1-ல் 0.5 கழி, 4.6. அப்போ 217.4 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். இப்படி ஒரு கிளாக் மட்டும் தள்ளி வர்ற ஸ்கியூ எப்பவும் கெட்டது இல்லை, எங்க லெக்சரரே சொல்லியிருக்கார்.

---

சேகர் கம்ப்யூட்டர்ஸ் · ஞாயிறு, இரவு 10:31

தங்கச்சி, கிளாக் ஏத்தணும்னா முதல்ல பயாஸ்ல மல்டிபிளையர் லாக் ஆகியிருக்கான்னு பாருங்க. பாதி லேப்டாப்ல திறக்காது. டெஸ்க்டாப்னா கூலர் மாத்திட்டு வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். கடைக்கு எடுத்துட்டு வந்தா நானே பார்த்துத் தரேன், பேருந்து நிலையத்துக்குப் பின்னாடிதான்.

---

செராய்_தர்ஷினி · ஞாயிறு, இரவு 10:38

அண்ணே, இது கணக்கு லா, கம்ப்யூட்டர் இல்லை 😅

---

முத்து_ரேடியோ · திங்கள், காலை 6:15

பாப்பா, நான் தோட்டத்துல ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்த ஆளு. பார்முலா தெரியாது, ஆனா இதைப் பெரட்டு மாதிரி நினைச்சுக்க. மண்டோர் பேர் கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே நீ வரிசையில நிக்கணும், அது செட்டப். அவர் புத்தகத்துல குறிச்சு முடிக்கிற வரைக்கும் நகரக் கூடாது, அது ஹோல்ட். ரெண்டுல எது தப்பினாலும் அன்னைக்குச் சம்பளம் போச்சு.

இப்ப என் கதை. பேரனுக்காக 74HC74 பிளிப்-பிளாப் சிப்பையும் 74HC86 எக்ஸோர் சிப்பையும் போர்டுல குத்தி இதே மாதிரி ஒரு சுத்து பண்ணேன். டேட்டாஷீட்டைப் பார்த்துக் கூட்டினா 25 மெகாஹெர்ட்ஸ் ஓடணும். 12-ஐத் தாண்டினா எண்ணிக்கை தாவுது. வயரைச் சின்னதா வெட்டிப் பார்த்தேன், கெபாசிட்டர் போட்டேன், மாறலை. உங்க கணக்கெல்லாம் காகிதத்துலதான் சரி வரும் போல.

---

வாணி.ப · திங்கள், இரவு 8:50

இப்பதான் பார்த்தேன். நான் பாயான் லெப்பாஸ்ல டைமிங் வேலைதான் பாக்குறேன், தினமும் இதோடுதான் குப்பை கொட்டுறேன். தர்ஷினி கேட்ட கேள்வி நல்ல கேள்வி, கவின் தம்பி "எப்பவும் கூட்டாதே"ன்னு சொல்லிட்டு நகர்ந்துட்டார், ஏன்னு சொல்லலை.

எண்களை ஓரமா வச்சிட்டு, எந்த முனைக்கும் எந்த முனைக்கும் நடுவில் போட்டின்னு முதல்ல பாரும்மா. செட்டப்ல, இந்த முனையில் ஒரு பிளிப்-பிளாப்பிலிருந்து கிளம்பின டேட்டா, அடுத்த முனை வர்றதுக்கு 1.0 முன்னாடி போய்ச் சேர்ந்திருக்கணும். இந்த முனைக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இருக்குற தூரம்தான் பீரியட். அதனால செட்டப் கணக்குல மட்டும் T வருது.

ஹோல்ட்ல அடுத்த முனைங்கிற பேச்சே இல்லை. இந்த முனையில் கிளம்புற புது டேட்டா, அதே முனையில் பழைய டேட்டாவைப் பிடிச்சிட்டு இருக்குற அடுத்த பிளிப்-பிளாப்பைச் சீக்கிரமா போய் இடிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ஒரே முனை, நடுவில் பீரியட் இல்லை.

```
setup:  T        >= clk_q(max) + comb(max) + setup
hold :  hold     <= clk_q(min) + comb(min)
```

ரெண்டாவது வரியில் T இருக்கான்னு பாரு. நாளைக்கு ஒரே ஒரு தடவை கிளாக் அடிச்சாலும் அந்த வரி மாறாது.

இப்ப உன் சந்தேகம். முனைக்குப் பின்னாடி 0.6 டேட்டா நிக்கணும், அதுக்கு நேரம் வேணாமான்னு கேட்டே. வேணும். ஆனா அந்த 0.6 ஓடுற அதே நேரத்துலதான் அடுத்த சுற்றோட கிளாக்-டு-கியூ 1.2-ம் ஓடிட்டிருக்கு. ரெண்டும் ஒரே முனையிலதான் ஆரம்பிக்குது. நீ கூட்டினப்போ ஒரே நேரத்தை ரெண்டு தடவை எண்ணிட்டே. அதனாலதான் 5.7.

பெரிய எண்ணா சின்ன எண்ணான்னு குழம்பினா, யாருக்குக் கஷ்டமோ அவங்க பக்கம் நில்லு. செட்டப்புக்கு டேட்டா லேட்டா வர்றது கஷ்டம், அதனால அதிகபட்சம். ஹோல்டுக்குச் சீக்கிரம் வர்றது கஷ்டம், அதனால குறைந்தபட்சம். ஹோல்டுக்கு 1.2 எடுத்து "பரவாயில்லை, தாண்டிடுச்சு"ன்னு எழுதினா முழு மார்க்கும் போயிடும்.

(அ)-வோட பதில் 196.1-தான். ஸ்கியூ இல்லாதப்போ ஹோல்டும் பார்த்துடுவோம். ஏ-யிலிருந்து சி-க்கு நடுவில் ஒண்ணும் இல்லை, வெறும் 0.8. தேவை 0.6. மிச்சம் 0.2. பி-க்குப் போற வழிங்க குறைஞ்சது 2.2 எடுக்குது, அதைப் பத்திக் கவலையே இல்லை.

(ஆ)-தான் ருசியான பாகம். சி-யோட கிளாக் 0.5 லேட்டு. ஏ முனையைப் பார்த்து 0.8-ல புது மதிப்பைத் தள்ளுது. சி-யோட முனை 0.5-லதான் வருது, அதுக்கப்புறம் 0.6, அதாவது 1.1 வரைக்கும் அதுக்குப் பழைய மதிப்பு வேணும். புது மதிப்பு 0.8-லயே உள்ளே வந்துடுச்சு, 0.3 குறையுது. சி பழசைப் பிடிக்கலாம், புதுசைப் பிடிக்கலாம், நடுவில் தொங்கலாம். புதுசைப் பிடிச்சா ஏ-யும் சி-யும் ஒரே முனையில் ஒண்ணாவே மாறும், ஒரு படி காணாமப் போன மாதிரி இருக்கும். கிளாக்கைக் குறைச்சு என்ன பிரயோஜனம்? அந்த 0.8-ம் மாறாது, 0.5-ம் மாறாது. "வேலை செய்யாது"ன்னு விடைத்தாள் சொன்னது எந்த வேகத்திலும்தான்.

முத்து அங்கிளோட பெரட்டு நல்லாதான் இருக்கு. ஒண்ணு மட்டும்: ஹோல்ட்ல நம்ம ஆளு தானா நகர்றதில்லை, பின்னாடி இருக்குறவன் முந்திக்கிட்டு இடிச்சுத் தள்ளுறான்.

---

கவின்_ஈஈ · திங்கள், இரவு 9:20

அக்கா, ஹோல்ட் பத்தி நீங்க சொன்னது ஓகே. ஆனா வேகம் கூடும்கிறது தப்பு இல்லையே? லேட்டா வர்ற கிளாக் செட்டப்புக்கு உதவுது, இதை எல்லாரும் ஒத்துக்கிறாங்க. ஹோல்டைச் சரி பண்ணிட்டா 217 வரும்தானே?

---

வாணி.ப · திங்கள், இரவு 9:44

உதவும். யாருக்கு உதவும்னு பார்க்கணும் தம்பி. லேட்டு ஆனது சி-யோட கிளாக். சி-க்கு வர்ற வழி ஒண்ணே ஒண்ணு, 2.2. அது 1.7 ஆகும். ஏற்கெனவே ஓய்வா இருக்கிறவனுக்கு இன்னும் ஓய்வு.

வேகத்தை முடிவு பண்ற வழி பி-யில கிளம்பி பி-க்கே வருது. அனுப்புறதும் வாங்குறதும் ஒரே பிளிப்-பிளாப், ஒரே கிளாக் கால். பி-யோட கிளாக்கை நீங்க எவ்வளவு லேட் பண்ணினாலும் கிளம்புறதும் அதே அளவு லேட்டு. அதனால 5.1, 5.1-ஆவே நிக்கும். தனக்குத்தானே திரும்புற வழியை ஸ்கியூவால வாங்கவும் முடியாது, விக்கவும் முடியாது. பி-யோட கிளாக்கை லேட் பண்ணினா ஏ-யிலிருந்து வர்ற 4.7 வேணும்னா 4.2 ஆகும், ஆனா அது முதல் இடத்துலயே இல்லையே.

இன்னொண்ணு. கேள்வியில "0.5 வரை"ன்னு இருக்கு. வரலாம், வராமலும் போகலாம். ஹோல்டுக்கு 0.5-ஐ முழுசா எடு, செட்டப்புக்கு 0-ன்னு எடு. வராம போகக்கூடிய காசை எண்ணிக் கடன் வாங்கக் கூடாது.

---

நைட்ஷிப்ட்_நாதன் · செவ்வாய், அதிகாலை 3:12

பிரேக் டைம்ல எழுதுறேன். நான் கூலிம்ல டெஸ்ட் சைடு, டிசைன் தெரியாது. ஆனா வாணி சொன்ன "எந்த வேகத்திலும் வேலை செய்யாது" கேஸ் கண்ணால பார்த்திருக்கேன்.

எங்க டெஸ்டர்ல ஷ்மூன்னு ஒரு படம் வரும். ஒரு பக்கம் வோல்டேஜ், இன்னொரு பக்கம் பீரியட், பாஸ் ஆன கட்டம் பச்சை, பெயில் ஆனது சிவப்பு. செட்டப் பிரச்சினைன்னா கோடு சாய்வா இருக்கும். வோல்டேஜைக் கூட்டினா பச்சை பரவும், கிளாக்கை மெதுவாக்கினாலும் பரவும். ஒரு தடவை ஒரு லாட்ல படம் வித்தியாசமா வந்துச்சு. குறிப்பிட்ட வோல்டேஜுக்கு மேல போனதும் முழு வரிசையும் சிவப்பு. பீரியடை எவ்வளவு இழுத்தாலும் அந்த வரிசை அசையலை. சீனியர் எட்டிப் பார்த்துட்டு "ஹோல்ட் லா இது, கிளாக்கோட விளையாடாதே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

செட்டப் பெயில்னா அந்தச் சிப்பைக் குறைஞ்ச வேக ரகமா விக்கலாம். ஹோல்ட் பெயில்னா நேரா குப்பைத் தொட்டி.

---

வாணி.ப · செவ்வாய், இரவு 8:30

நாதன் அண்ணே, அருமையான உதாரணம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும்: ஹோல்ட் எப்பவும் அதிக வோல்டேஜ்லதான் விழும்னு சத்தியம் பண்ண முடியாது. வோல்டேஜ் கூடினா டேட்டா வழியும் வேகமாகும், கிளாக் வழியும் வேகமாகும். ரெண்டும் ஒரே அளவுல வேகமாகாது, அந்த வித்தியாசம் எந்தப் பக்கம் சாயுதோ அதுதான் ஜெயிக்கும். அதனாலதான் நாங்க ஹோல்டை வோல்டேஜ், டெம்பரேச்சரோட எல்லா எல்லையிலும் ஓட்டிப் பார்க்கிறோம். ஆனா "மெதுவாக்கியும் மாறலைன்னா ஹோல்டைச் சந்தேகப்படு"ங்கிறது எப்பவும் நல்ல முதல் சோதனை.

முத்து அங்கிள், உங்க போர்டுக்கு வர்றேன். மெதுவாக்கினா சரியாகுதுன்னா உங்களது செட்டப் கதைதான். ரெண்டு கேள்வி: டேட்டாஷீட்ல எந்தக் கட்டத்திலிருந்து எண் எடுத்தீங்க? சப்ளை எவ்வளவு?

---

முத்து_ரேடியோ · புதன், காலை 6:05

நடுக் கட்டம், டிப்-னு போட்டிருந்துச்சு, 4.5 வோல்ட் வரி. சப்ளைக்கு ரெண்டு பேனா பேட்டரி.

---

வாணி.ப · புதன், மதியம் 1:10

அங்கிள், ரெண்டும் சேர்ந்துதான் உங்களைக் கவுத்திருக்கு.

டிப்-ங்கிற கட்டம் சராசரிச் சிப்புக்கு. உங்க கையில இருக்குற சிப் அப்படித்தான் இருக்கணும்னு யாரும் வாக்குக் கொடுக்கலை. வாக்குக் கொடுக்குறது மேக்ஸ் கட்டம் மட்டும்தான், கணக்கை அதுல போடணும். செட்டப்புக்கு மட்டும் மின்-ங்கிற கட்டத்தைப் பாருங்க. நீங்க குறைஞ்சது அவ்வளவு நேரம் சிப்புக்குக் கொடுக்கணும்னு அர்த்தம், அதனால அது அங்கே இருக்கும்.

அதைவிடப் பெருசு வோல்டேஜ். 74HC74-க்கு கிளாக்கிலிருந்து கியூ வரைக்கும் மேக்ஸ் 4.5 வோல்ட்ல 35 நானோசெக்கண்ட், 2 வோல்ட்ல 175. அஞ்சு மடங்கு. ரெண்டு பேட்டரின்னா 3 வோல்ட், பழசுன்னா இன்னும் கீழே. நடுவில எங்கயோ நிக்கிறீங்க. 25 மெகாஹெர்ட்ஸ் 12 ஆனதுல எனக்கு ஆச்சரியமே இல்லை. 5 வோல்ட் கொடுத்துப் பாருங்க, வயரை வெட்ட வேணாம்.

சேகர் அண்ணே வோல்டேஜ் ஏத்துங்கன்னு சொன்னது தர்ஷினிக்குப் பொருந்தலை, ஆனா அதுவும் இதே கதைதான். வோல்டேஜ் கூடினா கேட்டெல்லாம் சீக்கிரம் மாறும், 5.1 சுருங்கும், கிளாக் ஏறும்.

---

சேகர் கம்ப்யூட்டர்ஸ் · புதன், மதியம் 1:25

பார்த்தீங்களா 😎

---

செராய்_தர்ஷினி · புதன், இரவு 9:00

வாணி அக்கா, ரொம்பத் தெளிவா இருக்கு, நன்றி. பழைய வருஷத் தாள்ல (ஆ)-வுக்குப் பின்னாடி "இதைச் சரிசெய்க"ன்னும் கேட்டிருக்காங்க. டிலே கூட்டணும்னு புரியுது. கையில இருக்குறது இந்த மூணு வகை கேட்தான். ஏ-யோட கியூவுல ரெண்டு இன்வெர்ட்டர் போட்டா போதுமா? ஒண்ணு போட்டா தலைகீழாயிடுமே, அதான் ரெண்டு.

---

வாணி.ப · புதன், இரவு 9:35

ரெண்டுங்கிறது சரி. குறையுறது 0.3, ரெண்டு இன்வெர்ட்டரோட குறைந்தபட்சம் 0.4. அப்போ 0.8 + 0.4 = 1.2, தேவை 1.1, மிச்சம் 0.1. இங்கேயும் 0.4-ன்னு ஒவ்வொண்ணோட மேக்ஸை எடுத்து "ஒண்ணே போதும்"னு நினைச்சுடாதே.

ஆனா "ஏ-யோட கியூவுல"ன்னு எழுதினே பாரு, அங்கேதான் வழுக்கும். கியூ ரெண்டு கிளையா பிரியுது. பிரியுறதுக்கு முன்னாடி போட்டா எக்ஸோருக்குப் போற வழியும் சேர்ந்து நீளும்: 4.7-ஓட ரெண்டு இன்வெர்ட்டரோட மேக்ஸ் 0.8 கூடி 5.5. அது 5.1-ஐத் தாண்டிடுச்சு, இனி வேகம் 181.8-தான். ஹோல்டைச் சரி பண்ணப் போய் 14 மெகாஹெர்ட்ஸ் தொலைச்சாச்சு.

பிரிஞ்சதுக்கு அப்புறம், சி-க்குப் போற கிளையில மட்டும் போடு. அந்த வழியோட செட்டப் 2.2 + 0.8 = 3.0 ஆகும், 5.1-க்கு ரொம்பக் கீழே. வேகம் 196.1-லேயே நிக்கும். படத்துல எந்த இடத்துல வரைஞ்சேங்கிறதுக்குத்தான் மார்க்.

நிஜச் சிப்லயும் டூல் இதையேதான் செய்யுது. ஹோல்டுக்காக டிலே கூட்டுற பபரை ஆயிரக்கணக்கா போடும், ஒவ்வொண்ணையும் நீளமான வழி மேல விழாத இடமா தேடிப் போடும். செட்டப்பும் ஹோல்டும் ஒரே கம்பியில மாட்டிக்கிட்ட இடங்கள்தான் எங்க தூக்கத்தைக் கெடுக்குது.

---

கவின்_ஈஈ · புதன், இரவு 10:02

கேட்டே போடாம ஒரு வழி இருக்கு. சி-யை இறங்குமுனை பிளிப்-பிளாப்பா மாத்திடு. ஏ ஏறுமுனையில் அனுப்பும், சி பாதி சுற்று கழிச்சுப் பிடிக்கும். அடுத்த டேட்டா வர்றதுக்குள்ள ஹோல்ட் எப்பவோ முடிஞ்சிருக்கும். 0.5 என்ன, 2 நானோசெக்கண்ட் ஸ்கியூவும் தாங்கும்.

---

வாணி.ப · புதன், இரவு 10:20

இது நல்ல யோசனைதான் தம்பி, டெஸ்டுக்காகப் பிளிப்-பிளாப்பை எல்லாம் வரிசையா கோக்குற ஸ்கேன் செயின்ல நாங்களே இதோட சொந்தக்காரன் ஒண்ணைப் போடுறோம். ஆனா இலவசம் இல்லை. இப்ப ஏ-யிலிருந்து சி-க்கு முழுப் பீரியட் கிடையாது, கிளாக் மேலே நிக்கிற நேரம் மட்டும்தான். 2.2 அதுக்குள்ள முடியணும். கிளாக் சரிபாதின்னா T 4.4 போதும், பிரச்சினை இல்லை. கிளாக் 40 சதவீதம்தான் மேலே நிக்குதுன்னா 2.2-ஐ 0.4-ஆல வகு, 5.5. தற்செயலா அதே 181.8-க்கு வந்துட்டோம். கேள்வித்தாள்ல எவ்வளவு நேரம் மேலே நிக்கும்னு எங்கேயும் சொல்லலை.

அதோட சி பாதி சுற்று முன்னாடியே மாறுது. சி-யை யார் படிக்கிறாங்களோ அவங்க அதுக்குத் தயாரா இருக்கணும்.

---

கவின்_ஈஈ · புதன், இரவு 10:31

சாதாரண கிளாக் எல்லாம் சரிபாதிக்குக் கிட்டத்தட்டதான் இருக்கும் அக்கா. 45 சதவீதம்னாலும் 4.9-தான், 5.1-க்குள்ள அடங்குது. ரெண்டு இன்வெர்ட்டரோட 0.1 மிச்சத்தை நம்புறதைவிட இது மேல். டெம்பரேச்சர் மாறினா அந்த 0.1 நிக்குமா?

---

நைட்ஷிப்ட்_நாதன் · வியாழன், அதிகாலை 3:20

0.1 மிச்சம்னா நான் கவின் பக்கம். டெஸ்டர்ல அந்த மாதிரி மிச்சம் வச்சு வர்ற சிப்புங்க காலையில பாஸ், மத்தியானம் பெயில்.

---

வாணி.ப · வியாழன், இரவு 8:15

அட்டவணையில் இருக்குற மின், மேக்ஸ் எண்களே டெம்பரேச்சர், வோல்டேஜ் எல்லாத்தையும் அடக்கினதுன்னா 0.1 நிக்கும். வெறும் அறை வெப்பநிலை எண்கள்னா நிக்காது. கேள்வியில அது சொல்லலை, அதனால நாம இங்கே சண்டை போட்டு முடிவுக்கு வர முடியாது. மனசு கேக்கலைன்னா நாலு இன்வெர்ட்டர் போடலாம், மிச்சம் 0.5 ஆகும், அந்த வழி 3.8, இன்னும் 5.1-க்குக் கீழேதான். இடம் மட்டும்தான் செலவு. நான் இதையே எடுப்பேன். கவின் இறங்குமுனையை எடுப்பார். டெஸ்ட்ல ரெண்டுக்கும் மார்க் கொடுக்கணும், ஆனா இறங்குமுனை எழுதினா கிளாக் சரிபாதின்னு ஒரு வரி சேர்த்து எழுதிடு.

---

முத்து_ரேடியோ · வெள்ளி, காலை 6:20

5 வோல்ட் கொடுத்தேன். 12-ல தாவினது இப்ப 20-ஐத் தாண்டியும் ஒழுங்கா எண்ணுது. அதுக்கு மேல என் சிக்னல் பெட்டியே வராது, அதனால எங்க நிக்கும்னு தெரியலை.

வாணி, அந்த எனேபிள் கால்ல என் போர்டுல ஒரு பட்டன் வச்சிருக்கேன். அதை அமுக்குறப்போ மட்டும் எப்பவாவது எண்ணிக்கை கோணுது, கிளாக் 1 மெகாஹெர்ட்ஸா இருந்தாலும். மெதுவாக்கியும் மாறலைன்னா ஹோல்டுன்னு சொன்னீங்களே, அப்ப இது ஹோல்டா?

---

வாணி.ப · வெள்ளி, மதியம் 1:05

இல்லை அங்கிள். பட்டனுக்கு உங்க கிளாக்கே தெரியாது. விரல் எந்த நேரத்துல வேணும்னாலும் அமுக்கும், எப்பவாவது முனைக்குப் பக்கத்துல விழத்தான் செய்யும், அப்போ செட்டப்பும் உடையலாம், ஹோல்டும் உடையலாம். கிளாக்கை மெதுவாக்கினா எப்பவாவது நடக்குறது இன்னும் அபூர்வமாகும், நிக்காது. பட்டன் துள்ளுறது வேற தனிக் கதை. 74HC74-ல ஒரே பெட்டியில ரெண்டு பிளிப்-பிளாப் இருக்கு. இன்னொரு சிப் எடுத்து, பட்டனை அதுல ரெண்டையும் வரிசையா தாண்ட விட்டு, அப்புறம் ஆண்டுக்குக் கொடுங்க. எண்ணிக்கை கோணுறது அதுக்கப்புறமும் இருந்தா பட்டன் துள்ளலைப் பார்ப்போம்.

தர்ஷினி கணக்குல "எனேபிள் எப்பவும் 1"ன்னு எழுதி வச்சதே இந்தத் தலைவலி வேணாம்னுதான்.

---

செராய்_தர்ஷினி · வெள்ளி, இரவு 9:15

லெக்சரர்கிட்ட அட்டவணையில டெம்பரேச்சர் அடங்கியிருக்கான்னு கேட்டேன். "எண்களை அப்படியே எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டார். அப்போ ரெண்டு இன்வெர்ட்டர், சி-க்குப் போற கிளையில. வரைஞ்சுட்டேன்.